கோடுகள் சொல்லும் ஷார்ப்பு: லென்ஸ் வாங்குமுன் படிக்க வேண்டிய ஒரு வரைபடம்

கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸில் ஒரு வருடம் படம் எடுத்துப் பழகியவருக்கு, அடுத்து என்ன வாங்கலாம் என்ற கேள்வி தானாக வந்துவிடும். "ஒரு ஃபிஃப்டி வாங்கிப் போடுங்க, படம் கத்தி மாதிரி நிக்கும்" என்பார் ஸ்டூடியோக்காரர். ஃபிஃப்டி என்று அவர் சொல்வது 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை. கேனனிலும் நிக்கானிலும் விலை குறைந்த லென்ஸ்களின் வரிசையில் அதற்குப் பல ஆண்டுகளாகவே இடம் உண்டு. விவரம் தெரிந்து வாங்குவோம் என்று நிறுவனத்தின் தளத்தைத் திறந்தால், லென்ஸ் விவரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து கீழிறங்கும் கோடுகளுடன் ஒரு வரைபடம் இருக்கும். எம்.டி.எஃப். சார்ட் என்று அதற்குப் பெயர்.

கிட் லென்ஸின் சார்ட்டையும் ஃபிஃப்டியின் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் குழம்பிப்போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஃபிஃப்டியின் முக்கியமான கோடுகள் கிட் லென்ஸின் கோடுகளை விடத் தாழ்ந்து தெரியலாம். அப்படியானால் ஸ்டூடியோக்காரர் சொன்னது தவறா, சார்ட் தவறா? இரண்டும் சரிதான். ஆனால் அந்த இரண்டு சார்ட்டும் பதில் சொல்வது வெவ்வேறு கேள்விகளுக்கு. அது புரிந்துவிட்டால், குறைந்த காசில் நல்ல லென்ஸைப் பிடித்துவிடலாம்.

முதலில், சார்ட் எதை அளக்கிறது என்று பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் பத்து ஜோடிக் கோடுகள் சென்சாரில் விழுவதாக வைத்துக்கொள்ளலாம். குறையே இல்லாத லென்ஸ் என்றால் கறுப்பு முழுக் கறுப்பாகவும் வெள்ளை முழு வெள்ளையாகவும் விழும். உண்மையான லென்ஸில் வெள்ளையின் வெளிச்சம் கொஞ்சம் கறுப்புக்குள் கசியும். வெள்ளை 90 ஆகவும் கறுப்பு 10 ஆகவும் வந்தால் இரண்டின் வித்தியாசம் 80, கூட்டுத்தொகை 100. 80-ஐ 100-ஆல் வகுத்தால் 0.8. இதுதான் அந்த இடத்தில் லென்ஸ் காப்பாற்றிக் கொடுத்த கான்ட்ராஸ்ட். வெள்ளை 70, கறுப்பு 30 என்று மங்கிவிட்டால் மதிப்பு 0.4 ஆக இறங்கிவிடும். சார்ட்டின் இடது ஓரத்தில் 0 முதல் 1 வரை மேலேறும் எண்கள் இவைதான்.

பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு வகைக் கோடுகளுக்கு இந்த மதிப்பைக் கொடுக்கின்றன. மில்லிமீட்டருக்கு 10 ஜோடி என்பது பெரிய நயம், 30 ஜோடி என்பது நுண்ணிய நயம். கல்யாணப் பெண்ணின் பட்டுப்புடவையைப் படம் எடுக்கும்போது, உடலின் நிறத்திலிருந்து கரை பளிச்சென்று பிரிந்து நிற்கிறதா என்பதை 10 ஜோடிக் கோடு சொல்லும். கரைக்குள் ஓடும் ஜரிகை இழை தனித்தனியாகத் தெரிகிறதா, மஞ்சள் பூச்சாகக் கலந்துவிட்டதா என்பதை 30 ஜோடிக் கோடு சொல்லும். முதல் கோடு நன்றாக இருந்து இரண்டாவது மோசமாக இருந்தால் படம் கைப்பேசியில் பளிச்சென்று இருக்கும், பெரிதாக்கினால் ஏமாற்றும்.

கேனன் தன் லென்ஸ்களைப் பற்றி வெளியிட்ட விளக்க நூலிலேயே ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. 10 ஜோடிக் கோடு 0.8-க்கு மேல் இருந்தால் அருமையான லென்ஸ், 0.6-க்கு மேல் இருந்தால் திருப்தியானது. மனதில் வைத்துக்கொள்ள எளிய அளவுகோல் இது.

சார்ட்டின் அடியில், இடமிருந்து வலமாக, 0 முதல் 20-க்குச் சற்று மேல்வரை எண்கள் ஓடும். படத்தின் நடுப்புள்ளியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறோம் என்பதே அந்த எண். 0 என்பது படத்தின் நட்டநடு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. என்பதால் அதன் மூலை நடுவிலிருந்து 21.6 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஏறக்குறைய எல்லா லென்ஸ்களிலும் கோடுகள் இடப்பக்கம் உயர்ந்து தொடங்கி வலப்பக்கம் சரியும். மூலைகள் மங்குவது லென்ஸின் இயல்பு. எவ்வளவு மங்குகிறது, எங்கிருந்து மங்கத் தொடங்குகிறது என்பதில்தான் லென்ஸுக்கு லென்ஸ் வித்தியாசம்.

விலை குறைந்த லென்ஸ் தேடுபவருக்கு மிகவும் பயன்படும் செய்தி இந்த அடிக்கோட்டில்தான் இருக்கிறது. கேனன் 1500டி, 200டி போன்ற கேமராக்களில் இருப்பது கிராப் சென்சார். அதன் அளவு 22.3-க்கு 14.9 மி.மீ. அதன் மூலை நடுவிலிருந்து வெறும் 13.4 மி.மீ. தூரத்தில் முடிந்துவிடுகிறது. கேனனின் ஈ.எஃப். 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்.டி.எம். லென்ஸ் ஃபுல் ஃப்ரேமுக்காகச் செய்யப்பட்டது. அதன் சார்ட் 21 மி.மீ. தாண்டி ஓடும். கிராப் கேமரா வைத்திருப்பவர் 13-ஆம் எண்ணில் ஒரு தாளை வைத்து வலப்பக்கத்தை மறைத்துவிடலாம். கோடுகள் தடுமாறிச் சரியும் அந்தக் கடைசிப் பகுதி அவருடைய படத்தில் விழவே விழாது. பக்கவாட்டு ஓரம் 11 மி.மீ.யிலும், மேல் கீழ் ஓரங்கள் ஏழரை மி.மீ.யிலும் முடிந்துவிடுகின்றன. முகம் பெரும்பாலும் விழுவது நடுவிலிருந்து எட்டு மில்லிமீட்டருக்குள்தான்.

இதில் ஒரு கழிவும் உண்டு. சிறிய சென்சாரில் விழுந்த படத்தை அதே அளவு அச்சாக்க வேண்டுமானால் அதை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுதலாகப் பெரிதாக்க வேண்டும். அதனால் ஃபுல் ஃப்ரேமில் 30 ஜோடிக் கோடு செய்யும் வேலையைக் கிராப் சென்சாரில் செய்ய 45 ஜோடிக் கோடு வேண்டியிருக்கிறது. கிராப் சென்சார் கேமராக்களை மட்டும் மனதில் வைத்து எக்ஸ் வரிசை லென்ஸ்களைச் செய்யும் ஃபியூஜிஃபிலிம், தன் சார்ட்களில் 15, 45 என்ற எண்களைப் போடுவது இதனால்தான். இன்னும் சிறிய சென்சார் வைத்திருந்த ஒலிம்பஸ் 20, 60 என்று போட்டது. ஃபியூஜி சார்ட்டின் கீழ்க்கோடு நிக்கான் சார்ட்டின் கீழ்க்கோட்டை விடத் தாழ்ந்திருப்பதைப் பார்த்து அது மட்டமான லென்ஸ் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். அங்கே தேர்வே கடினமான தேர்வு.

இப்போது கோடுகளின் நிறத்துக்கு வருவோம். நிக்கான் சார்ட்டில் சிவப்பு 10 ஜோடி, நீலம் 30 ஜோடி. சிக்மாவில் சிவப்பும் பச்சையும். கேனனின் பழைய பாணிச் சார்ட்டில் மொத்தம் எட்டுக் கோடுகள் ஓடும். தடித்தவை 10 ஜோடி, மெல்லியவை 30 ஜோடி. கறுப்பு என்றால் அபெர்ச்சர் முழுதாகத் திறந்த நிலை, நீலம் என்றால் எஃப்/8. முதல்முறை பார்ப்பவருக்குச் சிக்கலாகத் தெரிந்தாலும், விலை குறைந்த லென்ஸ் வாங்குபவருக்கு இதுதான் மிகவும் நேர்மையான சார்ட். ஒரே லென்ஸின் இரண்டு முகங்களையும் ஒரே இடத்தில் காட்டிவிடுகிறது.

தொடக்கத்தில் வந்த குழப்பம் இங்கேதான் தீர்கிறது. 18-55 கிட் லென்ஸை 50 மி.மீ. பக்கம் ஸூம் செய்தால் அதன் அபெர்ச்சர் அதிகபட்சமாக எஃப்/5.6 வரைதான் திறக்கும். அதன் சார்ட்டில் 'முழுதாகத் திறந்த நிலை' என்பது எஃப்/5.6. ஃபிஃப்டியின் சார்ட்டில் அதே சொல்லுக்குப் பொருள் எஃப்/1.8. பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் அகலமான துவாரம் அது. எந்த லென்ஸும் தன் முழுத் திறப்பில்தான் அதிகமாகத் தடுமாறும். கண்ணாடியின் ஓரங்கள் வழியே நுழையும் ஒளிக்கதிர்களைச் சரியாக ஒரே புள்ளிக்குக் கொண்டுவருவது கடினம். துவாரத்தைச் சுருக்கினால் அந்த ஓரக் கதிர்கள் வெட்டுப்பட்டுப் போகும், படம் இறுகும். ஆகவே கிட் லென்ஸின் கறுப்புக் கோட்டை ஃபிஃப்டியின் கறுப்புக் கோட்டோடு ஒப்பிடக் கூடாது. ஃபிஃப்டியின் நீலக் கோட்டின் பக்கத்தில் வைத்தால்தான் ஒப்பீடு நியாயத்துக்கு அருகில் வரும். ஃபிஃப்டி எஃப்/5.6-இல் மூன்று ஸ்டாப்புக்கு மேல் சுருக்கப்பட்டு வசதியாக நிற்கும். கிட் லென்ஸ் அதே எஃப்/5.6-இல் தன் முழுத் திறப்பில் இருக்கிறது.

ஈ.எஃப். 50 எஃப்/1.8 சார்ட்டில் கறுப்பு மெல்லிய கோடுகள் நீல மெல்லிய கோடுகளுக்கு நன்றாகக் கீழே ஓடுகின்றன. அதன் பொருள், எஃப்/1.8-இல் ஜரிகை இழை மென்மையாகக் கரையும், எஃப்/8-இல் இழை இழையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று சார்ட் காட்டுவதில்லை. ஆனால் இந்த வகை லென்ஸ்களில் முதல் ஒரு ஸ்டாப் சுருக்கத்திலேயே முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். எஃப்/2.8 முதல் எஃப்/5.6 வரை வைத்தே பெரும்பாலான படங்களை எடுக்கப்போகிறவருக்கு, பல மடங்கு விலையுள்ள எஃப்/1.2 லென்ஸ் கூடுதலாகத் தரக்கூடியது குறைவு. அந்தக் கூடுதல் விலையின் பெரும்பங்கு முழுத் திறப்பிலும் மூலைகளிலும் கோடுகளை உயர்த்திப் பிடிக்கவே செலவாகிறது.

பழைய மாடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-இல் வந்த எஃப்/1.8-இன் இரண்டாம் பதிப்பும் 2015-இல் வந்த எஸ்.டி.எம். பதிப்பும் ஒரே அடிப்படைக் கண்ணாடி அமைப்பைக் கொண்டவை. ஐந்து குழுக்களாக ஆறு கண்ணாடிகள். புதியதில் பூச்சு மேம்பட்டிருக்கிறது, ஃபோகஸ் மோட்டார் அமைதியாகியிருக்கிறது, அபெர்ச்சர் இதழ்கள் ஐந்திலிருந்து ஏழாகியிருக்கின்றன, மிக அருகில் ஃபோகஸ் ஆகும் தூரம் 45 செ.மீ.யிலிருந்து 35 செ.மீ.யாகக் குறைந்திருக்கிறது. செகண்ட் ஹேண்டில் பழையது மலிவாகக் கிடைத்தால், ஷார்ப்பு விஷயத்தில் மட்டும் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

கோடுகளில் சில முழுக்கோடாகவும் சில புள்ளிக்கோடாகவும் இருப்பதற்கும் காரணம் உண்டு. நடுவிலிருந்து மூலையை நோக்கி ஆரம் போல ஓடும் நயங்களை லென்ஸ் எப்படிப் பிடிக்கிறது என்பதை முழுக்கோடு காட்டும். சார்ட்டில் இதற்கு எஸ் என்ற குறி. அந்த ஆரத்துக்குக் குறுக்கே ஓடும் நயங்களைப் புள்ளிக்கோடு காட்டும், இதற்கு எம் என்ற குறி. இரண்டும் ஒட்டியே போனால் நல்ல லென்ஸ். ஓரத்தை நெருங்க நெருங்க இரண்டும் வெகுவாகப் பிரிந்தால், படத்தின் மூலையில் ஒரு திசையில் ஓடும் கோடு தெளிவாகவும் அதற்குக் குறுக்கான கோடு கலங்கியும் வரும். இரவில் எடுத்த படத்தின் மூலையில் தெருவிளக்கு புள்ளியாக இல்லாமல் இழுபட்டுத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த வகைக் குறைகளே காரணம். கோடுகள் ஒட்டிப் போகும் லென்ஸில் பின்னணி மங்கலும் பொதுவாக இதமாக இருக்கும். முகப்படம் எடுப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

ஒரு நிறுவனத்தின் சார்ட்டை இன்னொரு நிறுவனத்தின் சார்ட்டோடு ஒப்பிடுவதில் ஆபத்து இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் தருவது, லென்ஸின் வடிவமைப்பை வைத்துக் கணினி போட்ட கணக்கு. ஸைஸ் போன்ற சிலரே உண்மையான லென்ஸை மேசையில் வைத்து அளந்து தருகிறார்கள். கணக்கிலும் இரண்டு விதம் உண்டு. ஒளி ஓர் அலை. சிறிய துவாரத்தின் வழியே போகும்போது அது விரிந்து கொஞ்சம் மங்கலை உண்டாக்கியே தீரும். இதற்கு டிஃப்ராக்‌ஷன் என்று பெயர். இயற்பியல் கணக்கின்படி, குறையே இல்லாத லென்ஸ்கூட எஃப்/8-இல் 30 ஜோடிக் கோட்டில் பச்சை ஒளிக்குச் சுமார் 0.83-க்கு மேல் போக முடியாது. எஃப்/16-இல் அது 0.67 ஆகிவிடும். ஆகவே எஃப்/8 சார்ட்டில் 30 ஜோடிக் கோடு 0.95-இல் ஓடினால், அந்தக் கணக்கில் டிஃப்ராக்‌ஷன் சேர்க்கப்படவில்லை என்று உடனே புரிந்துகொள்ளலாம். சிக்மா தன் தளத்தில் இரண்டு விதச் சார்ட்களையும் தனித்தனியே தருவது வாசகருக்குச் செய்யும் உதவி. லேண்ட்ஸ்கேப் எடுக்கிறோம் என்று எஃப்/16, எஃப்/22 வரை சுருக்கிவிட்டு, லென்ஸ் சரியில்லை என்று வருந்துபவர்களுக்கும் விடை இதே கணக்கில் இருக்கிறது.

ஸூம் லென்ஸ் என்றால் வழக்கமாக இரண்டு முனைகளுக்கு மட்டும் சார்ட் இருக்கும். 18-55-க்கு 18-இலும் 55-இலும். நடுவில் 35-இல் என்ன என்று அதில் தெரியாது. கணக்குப் போடுவதும் தொலைதூரப் பொருளை ஃபோகஸ் செய்த நிலைக்குத்தான். கையெட்டும் தூரத்தில் நகையையோ பூவையோ எடுப்பவருக்கு அந்தச் சார்ட் முழு உத்தரவாதம் அல்ல.

சார்ட்டில் வராத இன்னொன்று, வேகம். மண்டபத்துக்குள் கிட் லென்ஸ் எஃப்/5.6-இல் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஷட்டர் கேட்கும் வெளிச்சத்தில், ஃபிஃப்டி எஃப்/2.8-இல் அறுபதில் ஒரு பங்கையும் எஃப்/1.8-இல் ஏறக்குறைய நூற்றைம்பதில் ஒரு பங்கையும் தரும். கிட் லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத் தாங்கும், ஓடும் குழந்தையை நிறுத்தாது. ஸ்டூடியோக்காரர் சொன்ன "கத்தி மாதிரி"யில் பாதி இந்த வேகத்திலிருந்து வருவதுதான். ஆனால் கிராப் கேமராவில் ஃபிஃப்டி 80 மி.மீ. போல நெருங்கிக் காட்டும். முகத்துக்கு அருமை, சிறிய அறைக்குள் குடும்பப் படம் எடுக்க இடம் போதாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ட் சொல்வது அந்த மாடலைப் பற்றி, கையில் வரும் அந்த ஒரு லென்ஸைப் பற்றி அல்ல. அமெரிக்காவில் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிகாலா, வாடகைக்கு வாங்கி வைத்திருந்த ஒரே மாடல் லென்ஸ்கள் பலவற்றை அளவைக் கருவியில் வைத்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று தொடர்ந்து எழுதியவர். உள்ளே ஒரு கண்ணாடி நூலளவு சாய்ந்திருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். விலை உயர்ந்த லென்ஸுக்கும் இந்தக் குறையிலிருந்து விலக்கு இல்லை.

அதைக் கண்டுபிடிக்க மேசைக் கருவி தேவையில்லை. செங்கல் சுவர் ஒன்று போதும், இல்லாவிட்டால் சுவரில் சமமாக ஒட்டிய செய்தித்தாள்கள் போதும். கேமராவை முக்காலியில், சுவருக்கு நேராக, சாயாமல் நிறுத்த வேண்டும். லைவ் வியூவில் நடுப்பகுதியைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, இரண்டு நொடி டைமரில் எஃப்/1.8, எஃப்/2.8, எஃப்/5.6, எஃப்/8 என்று நான்கு படங்கள் எடுக்க வேண்டும். பிறகு கணினியில் முழு அளவில் வைத்து நான்கு மூலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். நான்கும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் அது லென்ஸின் இயல்பு, எஃப்/5.6-இல் சரியாகிவிடும். இடது மூலைகள் தெளிவாகவும் வலது மூலைகள் கலங்கியும் இருந்தால் முதலில் கேமரா சுவருக்கு நேராக இருந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை மறுபடி எடுக்க வேண்டும். இம்முறையும் படத்தில் அதே வலது பக்கம் கலங்கியிருந்தால், குறை சுவரிலோ கேமரா நின்ற கோணத்திலோ இல்லை, லென்ஸில்தான்.

கிராப் கேமராவும் கிட் லென்ஸும் வைத்திருந்து, முகங்களையும் வீட்டு விசேஷங்களையும் எடுப்பவருக்கு ஃபிஃப்டி எஃப்/1.8 தயங்காமல் வாங்கக்கூடிய லென்ஸ். ஃபுல் ஃப்ரேமில் முழுத் திறப்பில் மூலைவரை நயம் வேண்டும் என்பவர் மட்டும் சார்ட்டின் வலது ஓரத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கட்டும். எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சுவர்ச் சோதனையைச் செய்துவிடுங்கள். அதுவரை பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போட வேண்டாம்.